கிராம சபை ஒலிப்பதிவை நோட்டீஸ் ஆக்குவது: நாலு வழிகளும் அவை பொருந்தும் இடங்களும்

"ரெண்டே கால் மணி நேர ரெக்கார்டிங் இருக்கு. வராதவங்களுக்கு ஒரு நோட்டீஸ் போடணும். தீர்மானத்தை மட்டும் போடவா, நடந்ததை எல்லாம் சுருக்கிப் போடவா, இல்ல ரெக்கார்டிங்கையே வாட்ஸப்ல தட்டிவிடவா?" பக்கத்து ஊராட்சி நண்பர் ஒருவர் அக்டோபர் 2 கூட்டம் முடிந்த இரவே போன் செய்து கேட்டார். இதே கேள்வியை இதற்கு முன் இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன், ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் இந்த ஒப்பீடு.

தமிழ்நாட்டில் கிராம சபை முன்பு ஆண்டுக்கு நாலு முறை கூடும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறு ஆக்கினார்கள். ஆறு முறை கூடினாலும் ஊரில் பாதிக்கு மேல் வரமாட்டார்கள். திருப்பூரில் இருப்பவர் வர முடியாது. லீவு நாளிலும் களையெடுக்கப் போகிற அக்காவும் வர முடியாது. முழங்கால் வலிக்காரப் பாட்டிக்குப் பள்ளிக்கூட மைதானம் வரை நடக்கவே முடியாது. நோட்டீஸ் இவர்களுக்காகத்தான்.

## முதலில் அளவுகோல்

எந்த வழியை எடுத்தாலும் நான் நாலு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஒன்று, வராதவருக்கு ஆகவேண்டிய காரியம் அதில் இருக்கிறதா? எந்தத் தேதிக்குள் எந்தக் காகிதத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது நோட்டீஸில் இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் செய்திதான்.

இரண்டு, தீர்மானம் ஆனது எது, சும்மா சொன்னது எது என்று பிரித்துக் காட்டுகிறதா? என் கணக்கில் முக்கியமான அளவுகோல் இதுதான். பெரும்பாலான நோட்டீஸ்கள் தவறுவதும் இங்கேதான்.

மூன்று, ரேஷன் கடை வரிசையில் நின்றபடி படித்து முடிக்க முடியுமா? ஏ4 தாளில் 14 புள்ளி எழுத்தில் ஏறக்குறைய இருநூறு சொற்கள்தான் நெருக்கமில்லாமல் உட்காரும். அதற்கு மேல் போனால் யாரும் கீழ்ப்பாதிக்கு வரமாட்டார்கள்.

நாலாவது, எழுதுகிறவரின் நேரமும் ஊர் அமைதியும். எத்தனை மணி நேரம் பிடிக்கும், ஒட்டிய மறுநாள் யார் வீட்டு வாசலில் சண்டை வரும் என்பதும் செலவுக் கணக்கில் சேர்த்திதான்.

## ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாலு நிமிடம்

நாலு வழிகளையும் காற்றில் ஒப்பிடுவதைவிட ஒரே துண்டை நாலு விதமாகச் சுருக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றின் பதிவில் 1:12-இல் தொடங்குகிற துண்டு இது. தெருப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கீழத்தெரு அக்கா ஒருவர் எழுந்திருக்கிறார். "நாலு நாளைக்கு ஒருதடவைதான் தண்ணி வருது. அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு. யாரு முழிச்சிருந்து புடிக்கிறது?"

தலைவர்: "மோட்டார் காயில் போயிருச்சுக்கா. புது மோட்டாரே போட்டுரலாம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "போன கூட்டத்திலயும் இதத்தான் சொன்னீங்க." சிரிப்பு. மைக் கீச்சிடுகிறது.

ஊராட்சி செயலர்: "மதிப்பீடு போட்டாச்சுங்க. ... ஆயிரம் வருது. பொது நிதியில எடுத்துக்கலாம்."

தலைவர்: "அதுவரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் விடச் சொல்றேன்."

கூட்டத்தைப் பார்வையிட வந்த பற்றாளர்: "சரி, தீர்மானத்துல ஏத்திக்கங்க."

செயலர் படிக்கிறார்: "கீழத்தெரு ஆழ்துளைக் கிணற்று மின்மோட்டார் பழுது நீக்கம் செய்திட ஆகும் செலவினத்தை அனுமதிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது."

மூன்று புள்ளி வைத்த இடத்தில் எனக்குக் கேட்டது "அம்பதாயிரம்". மைக் கீச்சொலி அடங்கும் முன்னே செயலர் சொல்லிவிட்டார். தலைவர் வேறு புது மோட்டார் என்று சொல்லியிருந்தாரா, தொகையும் அதற்குப் பொருத்தமாகத்தான் பட்டது. "கீழத்தெருவுக்குப் புது மோட்டார், ரூ.50,000" என்று எழுதி ஒட்டிவிட்டேன். பத்து நாளில் ஆள் வந்து பழைய மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்ச் சுருள் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார். உடனே தெருவில், "அம்பதாயிரம் பாஸ் பண்ணிட்டுப் பழசையே மாட்டிட்டாங்க, மிச்சக் காசு எங்க?" என்று கிளம்பிவிட்டது. தீர்மானப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தால் தொகை ஒன்பதாயிரம். செயலர் சொன்னது "ஒம்பதாயிரம்". யாரும் எதையும் மறைக்கவில்லை, தப்பு என் காதில். அதைச் சொல்லி இன்னொரு நோட்டீஸ் ஒட்டினேன். முதலாவதைப் படித்தவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்கவேயில்லை.

அந்த நாலு நிமிடத்தில் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. பழுது நீக்கம் என்பது தீர்மானம். புது மோட்டார் என்பது தலைவர் வாய்வார்த்தை. டேங்கரும் வாய்வார்த்தைதான், ஆனால் மறுநாளே நடக்கவேண்டியது. இந்த மூன்றையும் ஒவ்வொரு வழியும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

## வழி 1: தீர்மானங்களை மட்டும் பட்டியலிடுவது

இந்த வழியில் எழுதினால் மேலே உள்ள துண்டு ஒரே வரி ஆகிவிடும்:

> கீழத்தெரு மின்மோட்டார் பழுது நீக்க ரூ.9,000 பொது நிதியிலிருந்து அனுமதிக்கப்பட்டது.

பிழைக்கு இடம் குறைவு. பதிவேட்டோடு ஒத்துப்போகும். செயலர் பதிவேட்டைக் காட்டினால் ஒலிப்பதிவைக் கேட்கக்கூடத் தேவையில்லை, ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் காட்ட ஆதாரமும் இருக்கிறது.

ஆனால் இதில் டேங்கர் காணாமல் போய்விட்டது. கீழத்தெருக்காரருக்கு அந்த வாரம் தெரியவேண்டியிருந்ததே அது ஒன்றுதான். தீர்மானம் ஆகாமல் போனவை எதுவும் இந்தப் பட்டியலில் வராது. மயானப் பாதைக்கு விளக்கு வேண்டும் என்று நாலு பேர் எழுந்து பேசி, "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்திருந்தால் அது பேசப்பட்டதாகவே வராதவருக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு வந்து அதை வலியுறுத்தியிருக்கக்கூடியவர் அவராகவே இருக்கலாம்.

மறைவான செலவு இன்னொன்றும் உண்டு. தீர்மானங்களில் கணிசமானவை எல்லா ஊராட்சிக்கும் பொதுவாக மேலிருந்து வரும் கூட்டப்பொருள்களுக்கு எழுதப்படுபவை. கொசுவால் பரவும் நோய்த் தடுப்பு, தூய்மை, குடிநீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்மானம் இருக்கும். அப்படியே இறக்கினால் ஊருக்கே உரிய இரண்டு மூன்று தீர்மானங்கள் நடுவில் புதைந்துபோகும்.

இது பொருந்தும் இடம்: கூட்டம் சச்சரவில் முடிந்து, எழுதுகிறவர் மேலேயே "நீ அந்தப் பக்கம்" என்ற சந்தேகம் இருக்கும் ஊர். அங்கே பதிவேட்டை விட்டு ஒரு சொல்கூட வெளியே போகாமல் இருப்பதுதான் நல்லது.

## வழி 2: கூட்டப்பொருள் வரிசையில் நடந்ததைச் சுருக்குவது

கூட்டம் நடந்த வரிசையிலேயே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் எழுதுவது. நமது துண்டு இப்படி வரும்:

> பொருள் 6, குடிநீர்: கீழத்தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறையே தண்ணீர் வருவதாகப் பெண்கள் கூறினர். மோட்டார் சுருள் எரிந்துவிட்டதாகவும் புது மோட்டார் போடலாம் எனவும் தலைவர் தெரிவித்தார். பழுது நீக்க ரூ.9,000 அனுமதித்துத் தீர்மானம் ஆனது. அதுவரை டேங்கர் விடச் சொல்வதாகத் தலைவர் கூறினார்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு எண்ணமும் வருகிறது. சிக்கல் கடைசி மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. புது மோட்டார், பழுது நீக்கம், டேங்கர் மூன்றும் ஒரே தொனியில் நிற்பதால், எது கையெழுத்துப் போட்ட தீர்மானம், எது வாய்ப்பேச்சு என்பதைப் படிக்கிறவரேதான் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர் தனக்குப் பிடித்ததைப் பிடித்துக்கொள்வார். என் நோட்டீஸைப் படித்தவர்களுக்குப் புது மோட்டார் நினைவிருந்த அளவுக்கு வேறெதுவும் நினைவில்லை.

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும்போது நடக்கிற ஒரு நுணுக்கமான களவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒலிப்பதிவில் வினைமுற்றைக் கூர்ந்து கேட்டால் காரியம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். "போட்டாச்சு" என்றால் முடிந்தது. "போடச் சொல்லிருக்கேன்" என்றால் இன்னொருவர் கையில் இருக்கிறது. "போட்டுரலாம்" என்றால் எண்ணம் உண்டு, காகிதம் இல்லை. "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்பதைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும் "எனத் தெரிவித்தார்" என்று எழுதிவிட்டால் நாலு நிலையும் ஒன்றாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அரசுத் தீர்மான நடையில் "அனுமதிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்றுதான் எழுதுவார்கள். தலைவர் வாயில் வரும் "லாம்" உறுதி கிடையாது, பதிவேட்டில் வரும் "லாம்" உறுதி. புதிதாக எழுத வருகிறவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

நேரமும் அதிகம் பிடிக்கும். இரண்டே கால் மணி நேரப் பதிவை இந்த முறையில் சுருக்க எனக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், அதுவும் இரண்டு மூன்று பக்கத்துக்குப் போகும். இரண்டாம் பக்கத்தைப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இது பொருந்தும் இடம்: வெளியூரில் இருந்துகொண்டு ஊர் விவகாரத்தைக் கவனிக்கிறவர்களுக்கு மின்னஞ்சலிலோ பி.டி.எஃப் ஆகவோ அனுப்ப. நூலகத்தில் ஒரு கோப்பு வைத்து வருடாவருடம் சேர்த்துவரவும் இதுதான் சரி. சுவரில் ஒட்ட அல்ல.

## வழி 3: தெருவாரியாக, "யாருக்கு என்ன" என்று எழுதுவது

கூட்டத்தின் வரிசையை மறந்துவிட்டுப் படிக்கிறவரின் வரிசையில் எழுதுவது. கீழத்தெருக்காரர் கீழத்தெரு என்ற தலைப்பைத் தேடிப் படித்துவிட்டுப் போய்விடலாம்.

> கீழத்தெரு
> தீர்மானம்: மோட்டார் பழுது நீக்க ரூ.9,000.
> சொன்னது: பழுது சரியாகும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் (தலைவர்). புது மோட்டார் பற்றிப் பேச்சு மட்டும், தீர்மானம் இல்லை.

"தீர்மானம்", "சொன்னது" என்று இரண்டே சொற்கள் முன்னால் நிற்பதால் என்னைப் படுத்திய பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. இதற்குக் கூடவே மூன்றாவதாக "நீங்கள் செய்ய வேண்டியது" என்று ஒரு வரி தேவைப்படும் இடங்களில் சேர்த்துக்கொள்வேன். வீட்டுத் திட்டப் பட்டியல், நூறு நாள் வேலை அட்டை, வீட்டு வரி நிலுவை ஆகிய மூன்றுக்கும்தான் பெரும்பாலும் அந்த வரி தேவைப்படும்.

குறை இல்லாமல் இல்லை. ஊர்ப்பொது விஷயங்களுக்கு இதில் வீடு இல்லை. வரவு செலவுக் கணக்கை எந்தத் தெருவில் வைப்பது? தனியாக "எல்லோருக்கும்" என்று ஒரு தலைப்பை மேலே வைத்துத்தான் சமாளிக்கிறேன். பெரிய குறை வேறு: ஒரு தெருவுக்கு ஆறு வரி, இன்னொரு தெருவுக்கு ஒன்றும் இல்லை என்றால் அது கண்ணில் அறையும். அண்ணா நகருக்கு அந்தக் கூட்டத்தில் எதுவுமே வரவில்லை. தலைப்பையே விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் "அண்ணா நகர்: தீர்மானம் எதுவும் இல்லை. தெருவிளக்குக் கோரிக்கை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது" என்று போட்டேன். அது சிலருக்கு உறுத்தியது. உண்மை அதுதான் என்பதால் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அண்ணா நகரிலிருந்து வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள்.

நேரம் நாலு மணி நேரம் போல ஆகும். பெரும்பகுதி நேரம் கேட்பதற்கும் மீதி பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பதற்கும். எழுதுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

இது பொருந்தும் இடம்: ஐந்தாறு தெருக்கள், இரண்டு மூன்று குக்கிராமங்கள் உள்ள சாதாரண ஊராட்சிக்கு இதுதான் என் தேர்வு. குக்கிராமம் பத்து பன்னிரண்டு இருந்தால் ஒரே தாளில் அடங்காது. அப்போது குக்கிராமத்துக்கு ஒரு அரைத்தாள் என்று பிரித்து, "எல்லோருக்கும்" பகுதியை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக வைக்க வேண்டும்.

## வழி 4: ஒலிப்பதிவையே துண்டு போட்டு அனுப்புவது

எழுதவே வேண்டாம், முக்கியமான இடங்களை வெட்டி வாட்ஸப்பில் போட்டுவிடலாம் என்பது சோம்பேறி வழி போலத் தெரியும். ஆனால் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. தலைவர் குரலிலேயே கேட்பதால் "நீ மாத்தி எழுதிட்ட" என்ற பேச்சும் வராது என்று நானும் முதலில் நினைத்தேன்.

நடந்தது வேறு. நாலு நிமிடத் துண்டில் "புது மோட்டாரே போட்டுரலாம்" என்ற பத்து நொடியை யாரோ வெட்டித் தனியாக அனுப்புவார்கள். செயலர் தீர்மானம் படிக்கிற கடைசி அரை நிமிடம் உயிரற்ற குரலில் இருப்பதால் அதை யாரும் அனுப்பமாட்டார்கள். இன்னும் மோசமானது, பேசிய அந்த அக்காவின் குரல். கூட்டத்தில் நூற்றுமுப்பது பேர் முன்னால் பேசச் சம்மதித்தவர், தன் குரல் மாமியார் வீட்டுக் குரூப் வரை போவதற்குச் சம்மதித்தவர் இல்லை. ஒரு கூட்டத்தில் இப்படி நடந்த பிறகு அவர் எழுந்து பேசுவதையே குறைத்துக்கொண்டார். இந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் வராது.

வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியலைப் படிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "அவனுக்குத்தான் மாடி வீடு இருக்கே" என்று யாராவது கத்தியிருப்பார்கள். அந்தக் குரலும் அந்தப் பெயரும் துண்டில் இருந்தால் மறுநாள் சண்டைதான். எழுத்திலும் அதைக் கொண்டுவரக் கூடாது. "பட்டியல் மீது ஆட்சேபம் எழுந்தது, பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளது" என்பது போதும்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. வழி 3-இல் எழுதிய நோட்டீஸை நீங்களே வாசித்து ஒன்றரை நிமிடக் குரல்பதிவாக அனுப்புங்கள். முன்பு தண்டோரா போடுவார்கள். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் கடிதம் அனுப்பினார், ஒலிபெருக்கி கட்டிய வண்டியே போதும் என்று. அந்த வண்டியில் போடவும் இதே குரல்பதிவு ஆகும்.

இது பொருந்தும் இடம்: மூலப்பதிவைக் கையில் பத்திரமாக வைத்திருந்து, யாராவது நோட்டீஸில் உள்ளதை மறுத்தால் நேரில் உட்கார்ந்து கேட்கவைக்க. பரப்புவதற்கு அல்ல.

## ஒரே பார்வையில்

| | தீர்மானம் மட்டும் | கூட்டப்பொருள் வரிசை | தெருவாரி | ஒலித் துண்டு |
|---|---|---|---|---|
| செய்யவேண்டிய காரியம் தெரியுமா | பாதி | தேடினால் தெரியும் | உடனே தெரியும் | கேட்டுக்கொண்டே இருந்தால் |
| தீர்மானமும் பேச்சும் பிரிந்திருக்குமா | பேச்சே இருக்காது | கலந்துவிடும் | பிரிந்திருக்கும் | பேச்சுதான் ஓங்கும் |
| ஒரே தாளில் அடங்குமா | அடங்கும் | அடங்காது | சிறிய ஊர் என்றால் | பொருந்தாது |
| எழுதுகிறவர் நேரம் | 1 மணி | 6 மணிக்கு மேல் | 4 மணி போல | 1 மணி |
| மறைவான செலவு | தள்ளிவைத்தவை மறைந்துபோகும் | வாக்குறுதி தீர்மானமாகத் தெரியும் | தெருக்களுக்குள் ஒப்பீடு வரும் | பேசியவரின் குரல் ஊர் சுற்றும் |

நேரக் கணக்கு இரண்டே கால் மணி நேரப் பதிவுக்கு, என் வேகத்தில்.

## தெருவாரி என்று முடிவெடுத்தால் வேலை எப்படிப் போகும்

முதல் சுற்றில் பதிவை நிறுத்தாமல் கேட்டு, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டே போவேன். "1:12 கீழத்தெரு தண்ணி", "1:16 தீர்மானம்" என்கிற அளவுக்குத்தான். வாக்கியம் எழுத ஆரம்பித்தால் ஒரு நாள் ஓடிவிடும். காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய சொற்கள் சிலவே: "தீர்மானம்", "தேதிக்குள்ள", "மனு குடுங்க", "அடுத்த கூட்டத்துல". அப்புறம் எண்கள்.

இரண்டாம் சுற்றில் குறித்த இடங்களை மட்டும் திரும்பக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "தீ" அல்லது "சொ" என்று எழுதிக்கொள்வேன். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் "சொ"தான்.

மூன்றாவது, செயலரிடம் போய்த் தீர்மானப் பதிவேட்டைப் பார்ப்பது. இதைத் தவிர்க்கவே முடியாது என்பது ஒன்பதாயிரம் ரூபாயில் நான் கற்றது. ஒலிப்பதிவில் கேட்ட எந்தத் தொகையையும் பதிவேட்டைப் பார்க்காமல் எழுதாதீர்கள். ஒம்பதும் அம்பதும் மட்டுமல்ல, எழுபதும் எழுநூறும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றுபோலத்தான் கேட்கும். பதிவேட்டை உடனே காட்ட மறுத்தால் தொகையை விட்டுவிட்டு வேலையின் பெயரை மட்டும் போடுங்கள். "தொகை: பதிவேட்டைப் பார்த்தபின்" என்று ஒரு குறிப்பு போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்தான், அது வந்து சேர்வதற்குள் நோட்டீஸ் பழசாகிவிடும்.

கூட்டத்தில் சத்தமாக ஒத்துக்கொண்ட ஒன்று பதிவேட்டில் இல்லாமல் இருப்பதும் உண்டு. அப்போது நோட்டீஸில் சண்டை போடாதீர்கள். "கூட்டத்தில் ஏற்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது, பதிவேட்டில் பதிவாகவில்லை" என்று அப்படியே எழுதுங்கள். எங்கள் ஊரில் அப்படி எழுதிய ஒரு விஷயம், யாரும் போராடாமலே அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக ஏறியது.

தலைப்பில் தேதி, இடம், வந்தவர் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். எண்ணிக்கை அலங்காரத்துக்கு இல்லை. மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 100 பேர். வந்தவர் எண்ணிக்கையைப் பார்த்தால் கூட்டம் செல்லுமா என்பது வராதவருக்கும் தெரியும். கடைசியில் இது அதிகாரப்பூர்வ நகல் இல்லை என்ற வரி. அதைப் போடாமல்விட்டால் யாராவது இந்தத் தாளையே எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள்.

நண்பருக்கு நான் கடைசியாக அனுப்பிய மாதிரி இதுதான். அவர் ஊருக்குத் தகுந்தாற்போல் தெருவை மாற்றிக்கொண்டார்.

> கிராம சபை, அக்டோபர் 2, பள்ளி மைதானம். வந்தவர்கள் 132.
>
> எல்லோருக்கும்
> தீர்மானம்: சென்ற ஆண்டு வரவு செலவுக் கணக்கு ஏற்கப்பட்டது. கணக்கு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது.
> நீங்கள் செய்ய வேண்டியது: வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் குடும்ப அட்டை நகல், பட்டா நகலுடன் அக்டோபர் 15-க்குள் செயலரிடம் மனு கொடுக்கவும்.
>
> கீழத்தெரு
> தீர்மானம்: மோட்டார் பழுது நீக்க ரூ.9,000, பொது நிதி.
> சொன்னது: அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் (தலைவர்). புது மோட்டார் பேச்சு மட்டும்.
>
> மேலத்தெரு
> தீர்மானம்: வாய்க்கால் தூர்வாருதல், ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பு.
>
> அண்ணா நகர்
> தீர்மானம் எதுவும் இல்லை.
> தள்ளிவைத்தது: தெருவிளக்கு, நவம்பர் 1 கூட்டத்துக்கு.
>
> தொகைகள் பதிவேட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. இது அதிகாரப்பூர்வத் தீர்மான நகல் அல்ல.

நூறு சொற்களைக்கூடத் தாண்டாது, அவ்வளவுதான். ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை மூன்றிலும் ஒட்டச் சொன்னேன். ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டலாம், ஆனால் அங்கே போகிறவர்கள் எப்படியும் கூட்டத்துக்கு வந்திருப்பார்கள்.